ரேகை சொல்வதும் சொல்லாததும்

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் உயில் எழுதிவைக்கும்போது அதன் கடைசிப் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியாக ஒரு வாசகம் வரும். ‘இந்த உயிலைப் படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு, சாட்சிகள் முன்னிலையில் என் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்’ என்று இருக்கும். 32 ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகள் நடத்தி வருகிறேன். இந்த வாசகம் காப்பாற்றிய உயிலையும் பார்த்திருக்கிறேன். இந்த வாசகம் இருந்தும் கவிழ்ந்த உயிலையும் பார்த்திருக்கிறேன். ஒன்று நின்றதற்கும் மற்றொன்று விழுந்ததற்கும் என்ன காரணம் என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

தற்குறியும் சட்டமும்

‘தற்குறி’ என்ற சொல்லை இன்று வசையாக ஆக்கிவைத்திருக்கிறோம். எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகத் தாமே இடும் குறி என்பதுதான் அந்தச் சொல்லுக்குரிய பொருள். குறியின் பெயர் குறியிட்டவர்மேல் ஏறி, பிறகு பழிச்சொல்லாகத் தங்கிவிட்டது. சட்டம் இந்தத் தவறைச் செய்யவில்லை. 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், பெயரெழுதத் தெரியாதவரைப் பொறுத்தவரை ‘கையொப்பம்’ என்பதில் ‘குறி’யும் அடங்கும் என்கிறது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவில், உயில் எழுதுபவர் கையொப்பமிடலாம் அல்லது குறியிடலாம் என்று இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. அவர் முன்னிலையில், அவர் சொல்ல, வேறொருவர் அவருக்காகக் கையொப்பமிடவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது. கை முடங்கியவருக்கு அது உதவும்.

அந்தக் குறியையோ கையொப்பத்தையோ வைத்திருக்கும் இடத்தைப் பார்த்தால், உயிலுக்கு உயிர் கொடுக்கவே வைத்தார் என்பது தெரியவேண்டும். அடுத்து, குறைந்தது 2 சாட்சிகள் வேண்டும். ஒவ்வொரு சாட்சியும், உயில் எழுதியவர் குறியிட்டதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால், ‘இது நான் வைத்த ரேகைதான்’ என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு சாட்சியும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். 2 சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. 1927 ஜனவரி 1 முதல் இந்துக்கள் எழுதும் எல்லா உயில்களுக்கும் இந்த முறை பொருந்தும். இஸ்லாமியர் உயிலுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அவர்களுக்கு அவர்களது தனிச்சட்டம்.

இந்தப் பிரிவை எத்தனை முறை படித்தாலும் ‘படித்துக் காட்டியவர்’ என்று ஒருவர் அதில் வரமாட்டார். படிக்கத் தெரியாதவரின் உயிலில் படித்துக் காட்டியவரின் உறுதிமொழி இருந்தே ஆகவேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அப்படியானால் அது எதற்கு? இதற்கு விடை காண, ரேகை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பார்க்க வேண்டும்.

1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குக் கப்பி கொடுக்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கொனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தாளில் பதித்துக்கொண்டார். ‘இது என் கையெழுத்தில்லை’ என்று பின்னால் அவர் மறுக்கக்கூடாது என்பதுதான் நோக்கம். 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு அமைந்தது. ஆக, ரேகை அன்று முதல் இன்று வரை விடை சொல்வது ஒரே கேள்விக்குத்தான்: இது யாருடையது? அந்தக் கேள்விக்குக் கையெழுத்தைவிட ரேகை நல்ல விடை தரும். முதுமையில் கை நடுங்கினால் கையெழுத்து மாறும். ரேகையின் அமைப்பு மாறாது.

ஆனால் உயில் வழக்கில் நீதிமன்றம் இன்னொன்றையும் கேட்கும். இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று இவருக்குத் தெரியுமா? படித்தவர் கையெழுத்துப் போட்டால், படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்று உலகம் எடுத்துக்கொள்ளும். கைநாட்டு வைத்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருக்கும் அந்த எழுத்துக்கும் நடுவில் யாரோ ஒருவருடைய குரல் இருந்திருக்க வேண்டும். அந்தக் குரல் யாருடையது, அது எதைப் படித்தது, முழுவதும் படித்ததா என்பதை எந்த ரேகை நிபுணராலும் சொல்ல முடியாது. படித்துக் காட்டியவரின் உறுதிமொழி அந்தக் குரலின் பதிவு.

விழுந்த உயில்

நான் தோற்ற வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். கணவரை இழந்த ஒரு தாய். 2 மகன்கள், 1 மகள். அவர் காலமானபின் இளைய மகன் ஓர் உயிலோடு வந்தார். நெருக்கித் தட்டச்சு செய்த 4 பக்கம். நிலம் 1 ஏக்கர் 40 சென்ட்டும் இளைய மகனுக்கு. மற்ற இருவருக்கு ஏன் ஒன்றும் இல்லை என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. 4 பக்கத்திலும் ரேகை இருந்தது. நான் சொன்ன வாசகமும் இருந்தது. நான் இளைய மகனுக்காக ஆஜரானேன்.

எதிர்த்தரப்பு, ரேகை தாயாருடையது இல்லை என்றது. பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் இருந்த ரேகையோடு ஒப்பிட அனுப்பினோம். ரேகை அந்த அம்மாளுடையதுதான் என்று அறிக்கை வந்தது. வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். சாட்சி விசாரணையில்தான் அது ஆரம்பித்தது.

முதல் சாட்சியிடம் குறுக்கு விசாரணை. “நீங்கள் போனபோது பத்திரம் எழுதி முடிந்திருந்ததா?”

“முடிஞ்சிருந்துச்சு ஐயா.”

“ரேகை?”

“அதுவும் வெச்சிருந்துச்சு. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்.”

“அந்தம்மா உங்களிடம் ஏதாவது சொன்னார்களா?”

“அவங்க எதுவும் பேசலீங்க.”

அந்தக் கடைசி விடையோடு அந்தச் சாட்சி சாட்சியே இல்லை என்றாகிவிட்டார். ரேகை வைத்ததை அவர் பார்க்கவில்லை. ‘நான் வைத்ததுதான்’ என்று அந்த அம்மாள் சொல்லவும் இல்லை. இரண்டாவது சாட்சி ஊரைவிட்டுப் போய் எங்கிருக்கிறார் என்று தெரியவில்லை. பத்திரம் எழுதியவரைக் கூண்டில் ஏற்றினோம். அவர் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர். “நான்தான் படித்துக் காட்டினேன்” என்றார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டார்கள். “ரெண்டு நிமிஷம் இருக்கும்” என்றார். 4 பக்கத்தை நீதிமன்றத்திலேயே சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். ஒன்றரைப் பக்கம் தாண்டும்போதே 5 நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

உயில் செல்லாது என்று தீர்ப்பானது. தீர்ப்பில் எனக்கு வருத்தமில்லை. அது சரியான தீர்ப்பு. என்னை இன்றுவரை உறுத்துவது வேறு. அந்தத் தாய் உண்மையிலேயே இளைய மகனுக்குத்தான் கொடுக்க விரும்பியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவர் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லக்கூட அந்தத் தாளில் யாரும் இடம் வைக்கவில்லை. அதனால் அவர் விருப்பம் என்ன என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

சந்தேகத்தை யார் போக்குவது

இந்த வழக்கில் சட்டம் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அடிப்படையை நிறுவியது. உயிலை முன்வைப்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். உயிலைச் சுற்றிச் சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால், அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பும் அவருடையதே. பயன் பெறுபவரே முன்னின்று உயிலை எழுதவைப்பது அப்படிப்பட்ட ஒரு சூழ்நிலை. காரணம் சொல்லாமல் பிள்ளைகளை ஒதுக்குவது இன்னொன்று. எழுதியவருக்குப் படிக்கத் தெரியாது என்பது இவற்றோடு சேரும்போது சுமை கூடிவிடுகிறது. அவர் உள்ளடக்கத்தை அறிந்துதான் ரேகை வைத்தார் என்று நம்பும்படி காட்டியாக வேண்டும்.

காட்டுவது எப்படி? சாட்சி வாயால்தான். சான்றொப்பம் கட்டாயமான ஆவணத்தை மெய்ப்பிக்க, உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது விசாரித்தாக வேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அது 67-ஆம் பிரிவு. அந்த ஒரு சாட்சி, தான் கையெழுத்திட்டதை மட்டும் சொன்னால் போதாது. மற்றச் சாட்சியும் முறைப்படி கையெழுத்திட்டார் என்பதையும் அவர் சொல்லவேண்டும் என்று 2002-இல் ஜானகி நாராயண் போயிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சாட்சிகள் யாருமே கிடைக்காவிட்டால்? ஒரு சாட்சியின் கையெழுத்தையும், எழுதியவரின் கையெழுத்தையும் அடையாளம் காட்டி மெய்ப்பிக்கலாம் என்று அடுத்த பிரிவு வழிவிடுகிறது. ‘இது என் நண்பரின் கையெழுத்து, எனக்குத் தெரியும்’ என்று பழகியவர் ஒருவர் வந்து சொல்லலாம். ஆனால் ரேகையைப் பார்த்து ‘இது என் சித்தியுடையது’ என்று சொல்லக்கூடிய மனிதர் யாரும் இல்லை. நிபுணர் வேண்டும், ஒப்பிட, மறுக்க முடியாத இன்னொரு ரேகையும் வேண்டும். கைநாட்டு வைத்தவரின் உயில் சாட்சிகளையே நம்பி நிற்கிறது என்பதை மறக்கக்கூடாது.

நின்ற உயில்

சில ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு மூதாட்டி, மகளை அழைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். பால் வியாபாரத்தில் தானே சம்பாதித்து வாங்கிய சொத்து: ஒரு வீடு, 90 சென்ட் நஞ்சை, 50 சென்ட் புஞ்சை. கணவனை இழந்து தன்னோடு இருக்கும் மகளுக்கு வீடு. மகன்கள் இருவருக்கும் நிலம். இதுதான் அவர் விருப்பம்.

பயன் பெறப்போகிற மகளை முதலில் வெளியே உட்காரச் சொன்னேன். பிறகு, “ஆத்தா, உங்களுக்கு என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க” என்றேன். அவர் புல எண் எதுவும் சொல்லவில்லை. “வாய்க்கா மேட்டு வயலு, பனந்தோப்புக் காடு, அந்த வீடு. வேற என்ன தம்பி இருக்கு எனக்கு?” என்றார்.

அன்று நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். நாம் எழுதும் சொத்து விவரத்தில் வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, நான்கெல்லை எல்லாம் இருக்கும். அதைப் படித்துக் காட்டினால் அந்தத் தாயின் காதில் எண்கள் விழும், வயல் விழாது. எண்களை மாற்றிப் போட்டிருந்தாலும் அவர் தலையாட்டியிருப்பார். அதனால் ஒவ்வொரு புல எண்ணுக்கும் பக்கத்தில் ‘வாய்க்கால் மேட்டு வயல் என்று என்னால் அழைக்கப்படுவது’ என்று அவருடைய சொல்லையே சேர்த்தேன். எண் பதிவாளருக்கு, பெயர் அவருக்கு. இரண்டும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றனவா என்று பட்டாவை வைத்து நான் சரிபார்த்தேன்.

படித்துக் காட்ட, அடுத்த தெருவில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கேட்டுக்கொண்டோம். உறவினர் இல்லை, உயிலில் அவருக்கு ஒரு பயனும் இல்லை, மூதாட்டியைவிட வயதில் நன்றாக இளையவர். அவரே ஒரு சாட்சியாகவும் இருந்தார். ஊரிலேயே வேலை பார்த்த ஒரு தபால்காரர் இன்னொரு சாட்சி. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஒரே நேரத்தில் இருப்பது கட்டாயமில்லைதான். ஆனால் நாளை ஒருவர் இறந்துபோனால் மற்றவர் முழுக் கதையையும் சொல்லவேண்டும்.

ஆசிரியர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒவ்வொரு சொத்து முடிந்ததும், “இப்ப என்ன படிச்சேன், சொல்லுங்க ஆத்தா” என்று கேட்டார். ‘புரிகிறதா’ என்று கேட்டால் எல்லோரும் ‘புரிகிறது’ என்றுதான் சொல்வார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் புரிந்ததா என்று தெரியும். வீட்டு விவரத்துக்கு வந்தபோது மூதாட்டி கையை நீட்டித் தடுத்தார்.

“இருங்க. வீடு மகளுக்குத்தான். ஆனா பொழக்கடைக் கெணறு மூணு பேருக்கும் பொது. அண்ணன் தம்பிங்க தண்ணி எடுக்கறத அவ தடுக்கக் கூடாது. அத எழுதல நீங்க.”

உண்மைதான், நான் எழுதவில்லை. ‘வீடும் மனையும் கிணறும்’ என்று மொத்தமாக மகளுக்குப் போட்டிருந்தேன். என் குமாஸ்தா, “சார், அந்தப் பக்கத்த சுத்தமா திரும்ப அடிச்சுட்டு வந்துடறேன்” என்றார். வேண்டாம் என்றேன். தட்டச்சு வரியில் ‘கிணறும்’ என்பதைக் கோடிட்டு அடித்து, ஓரத்தில் பேனாவால் ‘புழக்கடைக் கிணறு மூவருக்கும் பொது’ என்று ஆசிரியர் எழுதினார். அதன் பக்கத்தில் மூதாட்டி ரேகை வைத்தார். 2 சாட்சிகளும் சுருக்கொப்பம் இட்டனர். இறுதி ரேகைக்கு முன்பே இதைச் செய்தோம். உயில் முடிந்தபின் செய்யும் திருத்தம், உயிலைப் போலவே எழுதியவரின் குறியும் சாட்சிகளின் கையெழுத்தும் பெறாவிட்டால் செல்லாது என்கிறது வாரிசுரிமைச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு. அதனால் எப்போது, எங்கே, என்ன திருத்தம் என்பது உறுதிமொழியிலும் ஏறியது.

அந்த உறுதிமொழியின் வாசகம் இது. பெயர்களை மட்டும் விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

‘இந்த உயில் எழுதிவைக்கும் அம்மாளுக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது. 5 பக்கங்கள் கொண்ட இந்த உயிலை இன்று காலை 10.15 மணிக்கு அவருடைய வீட்டுத் திண்ணையில், அவருக்குத் தெரிந்த தமிழில், முதலிலிருந்து கடைசி வரை நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு சொத்தையும் யாருக்குக் கொடுத்திருக்கிறார் என்பதை அவரே தம் வாயால் திருப்பிச் சொன்னார். 3-ஆம் பக்கத்தில் புழக்கடைக் கிணறு பற்றி அவர் சொன்ன திருத்தத்தை என் கையால் எழுதி மீண்டும் படித்துக் காட்டினேன், சரி என்றார். படித்து முடித்தபின், தாளில் வெற்றிடம் ஏதும் இல்லாத நிலையில், என் முன்னிலையிலும் கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையிலும் ஒவ்வொரு பக்கத்திலும் தம் இடது பெருவிரல் ரேகையை வைத்தார். நான் இவருக்கு உறவினன் அல்லன். இந்த உயிலால் எனக்கோ என் குடும்பத்தாருக்கோ எந்தப் பயனும் இல்லை.’

அச்சடித்த வாசகத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெரிகிறதல்லவா? அது யாருடைய உயிலுக்கும் பொருந்தும். இது இந்த ஒரு காலைக்கு மட்டுமே பொருந்தும். படிப்பதற்கு முன்பே தட்டச்சு செய்துவைக்கக்கூடிய உறுதிமொழியால் ஒன்றும் தெரியவராது. படித்து முடித்தபிறகே எழுத முடிகிற உறுதிமொழிதான் பயன்படும்.

படித்துக் காட்டுபவரே பத்திரம் எழுதியவராக இருக்கலாமா என்று கேட்பார்கள். சட்டத்தில் தடையில்லை. ஆனால் எழுதியவர் தாளைப் பார்க்காமலே தாம் எழுதியதை ஒப்பித்துவிடுவார். புதியவர் தாளில் இருப்பதைப் படிப்பார். இன்னொன்றும் உண்டு. பத்திரம் எழுதியவர் தம் பெயரைப் போட்டிருப்பதாலேயே சாட்சியாகிவிட மாட்டார். பதிவு அலுவலகத்தில் அடையாளம் காட்டிக் கையெழுத்திடுபவரும் அப்படித்தான். சாட்சியாக இருக்கும் எண்ணத்தோடு, எழுதிவைப்பவர் முன்னிலையில் கையெழுத்திட்டவரே சாட்சி என்று 1969-இல் அப்துல் ஜப்பார் சாகிப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

பயன் பெறுபவர் சாட்சியாக இருப்பதும் வேண்டாம். சாட்சிக்கு எழுதிய பங்கு செல்லாது என்ற வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு இந்துக்களின் உயிலுக்குப் பொருந்தாதுதான். அது பங்கைக் காப்பாற்றலாம். சாட்சியின் நம்பகத்தைக் காப்பாற்றாது.

விரலும் மையும்

ரேகை எடுக்கும் முறையையும் சற்றுப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வயல் வேலையும் சாணி மெழுகலும் சுண்ணாம்பும் சிமெண்டும் பட்டுத் தேய்ந்த விரல்கள் அவை. முதலில் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரமும் எண்ணெயும் இருந்தால் மை பரவிக் கோடுகள் மூழ்கிவிடும். மைப் பேடில் விரலை அழுத்தக் கூடாது. லேசாகத் தொட்டால் போதும். மை அதிகமானால் பள்ளமும் நிரம்பி ரேகை கறுப்புத் திட்டாகிவிடும். தாளில் நகத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே உருட்டாக உருட்டி எடுக்க வேண்டும். குத்தி எடுத்தால் நடுப்பகுதி மட்டுமே பதியும். நடுங்கும் கையை நாம் பிடித்து உதவலாம். ஆனால் வைப்பது அவர் செயலாக இருக்கவேண்டும். நாம் பிடித்ததை உறுதிமொழியில் எழுதிவிட வேண்டும்.

பதிவு சரியில்லையென்றால் அதன் மேலேயே மறுபடி வைக்கக் கூடாது. இரண்டு ரேகை கலந்தால் இரண்டும் கெடும். பக்கத்தில் புதிதாக ஒன்று வைத்து, ‘முதல் பதிவு தெளிவில்லாததால்’ என்று குறிக்க வேண்டும். இடது பெருவிரல் இல்லையென்றால் வேறு விரலை வைத்து, எந்தக் கை, எந்த விரல் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு ரேகையின் கீழும் அது யாருடையது என்று எழுதியவர் தம் கையெழுத்தையும் இட வேண்டும்.

ரேகையை வைத்துச் செய்யும் மோசடிகளும் பழையவை. வெற்றுத் தாளில் வாங்கிய ரேகையின் மேல் பிறகு உயிலைத் தட்டச்சு செய்வார்கள். அப்போது வரிகள் ரேகையைத் தொடாமல் வளைந்து போகும். அல்லது கடைசிப் பக்கத்தில் வரி இடைவெளி திடீரென்று நெருங்கும் அல்லது விரியும். நினைவிழந்தவர் கையை எடுத்து வைப்பதும், உயிர் பிரிந்தபின் வைப்பதும்கூட நடந்திருக்கின்றன. அங்கே ரேகை மெய்யாகவே இருக்கும். அந்தப் பொய்யைப் பிடிக்க ஒரே கருவி, படித்தபோது அவர் பேசினாரா, என்ன பேசினார் என்ற கேள்விதான்.

இன்னொரு வகை மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நம் கிராமங்களில் எத்தனையோ பெண்களுக்கு எழுத்தறிவித்தது. பலர் தொடர்ந்து படித்தார்கள். சிலருக்குப் பெயரெழுதுவது மட்டும் கையில் தங்கியது. அவர்கள் ரேகை வைக்க மாட்டார்கள், கையெழுத்துப் போடுவார்கள். அது அவர்களுடைய மானம். அந்த மானத்தை நாம் மதிக்கவேண்டும். ஆனால் அந்தக் கையெழுத்தைப் பார்த்து, படித்துவிட்டுத்தான் போட்டார் என்று நீதிமன்றம் எண்ணினால் அது பிழையாகும். படிக்கத் தெரியாது என்று பின்னால் வெளிவந்தால், மறைத்தார்கள் என்ற சந்தேகம் எழும். ஆகவே ‘பெயர் மட்டும் எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது’ என்று வெளிப்படையாக எழுதி, அதே முறையில் படித்துக் காட்டி, அதே உறுதிமொழியைச் சேர்க்கவேண்டும்.

பதிவு எவ்வளவு தூரம் காக்கும்

உயிலைப் பதிவு செய்யக் கட்டாயமில்லை. முத்திரைத் தாளும் வேண்டாம். ஆனாலும் கைநாட்டு உயிலைப் பதிவு செய்யுங்கள் என்றே நான் சொல்வேன். நான் முன்பு சொன்ன ‘மறுக்க முடியாத இன்னொரு ரேகை’ அங்கேதான் கிடைக்கும். பதிவு அலுவலகத்தில் புகைப்படமும் விரல்ரேகையும் சேர்ந்துவிடும். நடக்க முடியாதவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கு வந்து பதிவு செய்யவும் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. உயில் 3-ஆம் புத்தகத்தில் பதிவாகும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் மற்றவர்களுக்குக் கிடைக்காது. பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சும் பெற்றோருக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

ஆனால் பதிவானாலே உயில் மெய்ப்பிக்கப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது. 1961-இல் ராணி பூர்ணிமா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். பதிவு அலுவலர் படித்துக் காட்டாமலும், எழுதியவர் உள்ளடக்கம் அறிந்தாரா என்று வேறு வழியில் உறுதி செய்துகொள்ளாமலும், பெயருக்குப் பதிவு செய்திருந்தால், பதிவு மட்டும் சந்தேகத்தைப் போக்காது. வரிசையில் இன்னும் 20 பேர் நிற்கும்போது “உயில்தானே?” என்று கேட்டு, “ஆமாம்” என்ற விடையோடு முடிந்த பதிவு, திண்ணையில் நடக்காமல் போன வாசிப்பை ஈடு செய்யாது. கைப்பேசியில் படம் பிடிப்பதும் இப்படித்தான். நடந்த வாசிப்புக்கு அது துணை, நடக்காத வாசிப்புக்கு அது மாற்று ஆகாது.

அந்த மூதாட்டி காலமான பிறகு மூத்த மகன் வழக்குப் போட்டார். கூடவே இருந்த மகள் தாயை வசப்படுத்தி எழுதவைத்தாள் என்பது குற்றச்சாட்டு. தபால்காரர் அதற்குள் இறந்துவிட்டார். ஆசிரியர் கூண்டில் ஏறினார். தபால்காரர் கையெழுத்திட்டதைத் தாம் பார்த்ததைச் சொன்னார். குறுக்கு விசாரணையில், “அந்தம்மாவுக்கு இதில் எழுதியிருப்பது தெரியும் என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார்கள். அவர் 3-ஆம் பக்கத்தைக் கேட்டு வாங்கினார். ஓரத்தில் இருந்த தம் கையெழுத்து வரியையும் அதன் பக்கத்து ரேகையையும் காட்டி, “நான் படிக்கும்போது தடுத்தார்கள் ஐயா. கிணறு பொது என்று எழுதச் சொன்னார்கள்” என்றார்.

மகள் வசப்படுத்தி எழுதவைத்த உயில் என்றால், மகளின் பங்கைக் குறைத்து மகன்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஒரு வரி அதில் எப்படி வந்தது? நீதிபதி கேட்ட அந்தக் கேள்விக்கு எதிர்த்தரப்பில் விடை இல்லை. உயில் நின்றது. அந்த உயிலில் மொத்தம் 6 ரேகைகள் இருந்தன. ஐந்து, பக்கத்துக்கு ஒன்றாகக் கீழே வைத்தவை. அவை அந்தத் தாய் யார் என்று சொல்லின. ஓரத்தில் இருந்த ஆறாவது ரேகைதான், படித்ததை அவர் கேட்டார் என்று சொன்னது.